எல்லாவற்றிலும் கெட்டியான நாடு எதற்காக வெளியில் வாங்குகிறது? ஒப்பீட்டு நன்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் மாலை நேரத்தில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். எட்டரைக்கு முடிய வேண்டிய வகுப்பு, ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டைச் சொன்ன ரிக்கார்டோவின் பாடம் வரும் வாரம் மட்டும் ஒன்பதரைக்கு முடியும். சூத்திரத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். "ஆனா சார்..." என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், அதன் பிறகு நிற்காது. அந்த "ஆனா சார்"களைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தந்திருக்கிறேன்.

ஒரு நாடு எல்லாத்தையும் இன்னொரு நாட்டைவிட நல்லா செய்யுதுன்னா, அதுக்கு வியாபாரம் எதுக்கு சார்? தானே செஞ்சுக்கலாமே?

செய்துகொள்ளலாம். ஆனால் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தால் அந்த நேரத்தில் இன்னொன்றைச் செய்ய முடியாது. சிக்கல் மொத்தமும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

நான் வளர்ந்தது இதே பக்கத்தில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில். முன்கட்டில் பெரியம்மா, பின்கட்டில் சித்தி. தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு அடுப்பும் அணையாது. பெரியம்மா எதைத் தொட்டாலும் கைராசி. நாழியை ஒரு சுற்றுச் சுற்றினால் முறுக்கு வட்டம் பிசகாமல் எண்ணெயில் விழும். சித்திக்கு மாவு இறுகிவிடும், நாழியை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துவிடும், பாதி முறுக்கு உடைந்துதான் வெளியே வரும். அதிரசத்திலும் பெரியம்மாதான் வேகம். ஆனால் அங்கே இடைவெளி அவ்வளவு இல்லை. வெல்லப் பாகைக் கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது விரலில் உருண்டு வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்கும் வேலை. அந்தப் பொறுமை சித்திக்கு உண்டு.

கணக்குக்காக எண்களை முழுசாக்கிக்கொள்வோம். ஒரு கிலோ முறுக்குக்குப் பெரியம்மாவுக்கு 1 மணி நேரம், சித்திக்கு 4 மணி. ஒரு கிலோ அதிரசத்துக்குப் பெரியம்மாவுக்கு 2 மணி, சித்திக்கு 3 மணி. இரண்டிலுமே பெரியம்மாதான் முந்தி. ஆளுக்கு 12 மணி நேரம் இருக்கிறது.

தனித்தனியாகச் செய்து, இருவரும் நேரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தால், பெரியம்மாவுக்கு 6 கிலோ முறுக்கும் 3 கிலோ அதிரசமும் கிடைக்கும். சித்திக்கு ஒன்றரைக் கிலோ முறுக்கு, 2 கிலோ அதிரசம். வீடு மொத்தத்துக்கும் முறுக்கு ஏழரை, அதிரசம் 5.

இப்போது சித்தி நாழியைத் தொடவே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரமும் அதிரசம் என்றால் 4 கிலோ. பெரியம்மா 2 மணி நேரத்தில் ஒரு கிலோ அதிரசம் சுட்டுவிட்டு, மீதி 10 மணி நேரமும் முறுக்குப் பிழிகிறார். 10 கிலோ. மொத்த அதிரசம் அதே 5 கிலோதான், ஆனால் முறுக்கு ஏழரையிலிருந்து பத்தாகிவிட்டது. யாரும் கூடுதலாக ஒரு நிமிடம் உழைக்கவில்லை, யாருக்கும் கைவேகம் கூடவில்லை. இரண்டரைக் கிலோ வந்த வழி ஒன்றுதான்: பெரியம்மா ஒரு கிலோ அதிரசம் சுடும்போதெல்லாம் 2 கிலோ முறுக்கை இழந்துகொண்டிருந்தார். சித்தி அதே ஒரு கிலோவைச் சுட முக்கால் கிலோ முறுக்கைத்தான் இழக்கிறார்.

இப்படி விட்டுக்கொடுப்பதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு. அது யாருக்குக் குறைவோ அவருக்கு அந்தப் பொருளில் ஒப்பீட்டு நன்மை. பெரியம்மா இரண்டு பொருளையும் வேகமாகச் செய்யலாம். ஆனால் இரண்டிலுமே வாய்ப்புச் செலவு அவருக்குக் குறைவாக இருக்க முடியாது, ஏனென்றால் ஒன்றில் அது குறைந்தால் மற்றதில் கூடியே தீரும். அதனால்தான், இருவர் விகிதமும் ஒன்றாகவே இல்லாதவரை, எவ்வளவு பின்தங்கியவருக்கும் ஏதோ ஒன்றில் இந்த நன்மை இருக்கும்.

மொத்தத்துல கூடுது, சரி. ஆனா பெரியம்மாவே அந்த இரண்டரை கிலோவையும் எடுத்துக்கிட்டா சித்திக்கு என்ன லாபம்?

அதற்கு மாற்று விலை வேண்டும். ஒரு கிலோ அதிரசத்துக்கு எத்தனை கிலோ முறுக்கு?

முக்கால் கிலோவுக்குக் கீழே போனால் சித்தி ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த நேரத்தில் தானே தட்டுத்தடுமாறி அவ்வளவு முறுக்குப் பிழிந்துவிடலாம். 2 கிலோவுக்கு மேலே போனால் பெரியம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். அவரே அதிரசம் சுட்டுக்கொள்வார். ஆக, முக்காலுக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கே படிந்தாலும் இருவருக்கும் லாபம்.

ஒன்றே கால் என்று படிந்தது என்று வைத்துக்கொள்வோம். சித்தி 2 கிலோ அதிரசம் கொடுத்து இரண்டரைக் கிலோ முறுக்கு வாங்குகிறார். அவரிடம் இப்போது 2 கிலோ அதிரசம், இரண்டரைக் கிலோ முறுக்கு. முன்பைவிட ஒரு கிலோ முறுக்கு கூட. பெரியம்மாவிடம் 3 கிலோ அதிரசம், ஏழரைக் கிலோ முறுக்கு. முன்பைவிட ஒன்றரைக் கிலோ கூட.

விலை முக்காலை ஒட்டி நின்றால் லாபத்தில் பெரும்பங்கு பெரியம்மாவுக்கு, இரண்டை ஒட்டி நின்றால் சித்திக்கு. கோட்பாடு எல்லையை மட்டும்தான் போட்டுத் தருகிறது. அந்த எல்லைக்குள் எங்கே நிற்கும் என்பது யாருக்கு எது எவ்வளவு தேவை, யார் கை ஓங்கியிருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. "இருவருக்கும் லாபம்" என்பதை "இருவருக்கும் சம லாபம்" என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் வருடத்துக்கு நான்கு பேராவது இருக்கிறார்கள்.

ரிக்கார்டோவோட கணக்கு இதேதானா?

வடிவம் இதேதான். டேவிட் ரிக்கார்டோ லண்டன் பங்குச் சந்தையில் பணம் சம்பாதித்துவிட்டுப் பொருளாதாரம் எழுத வந்தவர். 1817-இல் வந்த தன் நூலின் ஏழாவது அத்தியாயத்தில் இங்கிலாந்து, போர்ச்சுகல் என்று இரண்டு நாடுகளையும், துணி, ஒயின் என்று இரண்டு பொருள்களையும் எடுத்துக்கொண்டார். ஒரு குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 ஆட்களின் ஓராண்டு உழைப்பு, போர்ச்சுகலில் 90. ஒரு குறிப்பிட்ட அளவு ஒயினுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80.

இங்கே ஒரு சின்னக் குறும்பு இருக்கிறது. அன்றைக்கு ஆலைகளும் இயந்திரங்களும் இருந்தது இங்கிலாந்தில். ஆனால் தன் கணக்கில் இரண்டிலும் கெட்டியான நாடாக அவர் வைத்தது போர்ச்சுகலை. அவை கற்பனை எண்கள்தான். பின்தங்கிய இடத்தில் தன் நாட்டையே நிறுத்தி, "அப்படி இருந்தாலும்கூட" என்று காட்டுவது அவர் நோக்கம் என்றுதான் நான் படிக்கிறேன்.

இரண்டு நாடும் தனித்தனியே ஆளுக்கொரு பங்கு துணியும் ஒயினும் செய்தால் இங்கிலாந்தில் 220, போர்ச்சுகலில் 170, ஆக 390 பேர் உழைப்பு. இங்கிலாந்து இரண்டு பங்கும் துணியே நெய்தால் 200. போர்ச்சுகல் இரண்டு பங்கும் ஒயினே எடுத்தால் 160. அதே சரக்கு, 360 பேர் உழைப்பில். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால், 120 பேர் உழைத்துக் கிடைத்த ஒயின் இங்கிலாந்துக்கு 100 பேர் உழைப்பில் கிடைக்கிறது. 90 பேர் உழைத்துக் கிடைத்த துணி போர்ச்சுகலுக்கு 80 பேர் உழைப்பில் கிடைக்கிறது.

இதெல்லாம் பண்டமாற்று சார். கடையில போய் யாரும் வாய்ப்புச் செலவு கேட்கறதில்லை, விலைதான் கேட்கறாங்க. எல்லாமே போர்ச்சுகல்ல மலிவுன்னா இங்கிலாந்துச் சரக்கை எவன் வாங்குவான்?

இத்தனை வருடத்தில் வகுப்பில் வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். இதற்குப் பதில் தெரியாமல் ஒப்பீட்டு நன்மை புரிந்துவிட்டது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஏனென்றால் வாசலில் நிற்கும் வியாபாரிக்கு வாய்ப்புச் செலவு கண்ணுக்குத் தெரியாது. பர்மா பஜாரிலும் சரி, சௌகார்பேட்டையிலும் சரி, கண்ணுக்குத் தெரிவது ரூபாய் விலைதான். ரிக்கார்டோவின் விகிதம் ரூபாய் விலையாக மாறி வர ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் கூலி.

நடப்பதை மெதுவாகப் பார்ப்போம். முதலில் இரண்டு நாட்டிலும் ஓர் ஆளுக்கு ஆண்டுக் கூலி ஒரு பொற்காசு என்று இருக்கட்டும். அப்படியானால் போர்ச்சுகலில் துணி 90 காசு, ஒயின் 80 காசு. இங்கிலாந்தில் துணி 100, ஒயின் 120. நீங்கள் கேட்டது போலவே, யாரும் இங்கிலாந்தில் எதையும் வாங்க மாட்டார்கள். எல்லோரும் லிஸ்பனுக்குக் கப்பல் அனுப்புவார்கள்.

ஆனால் அந்த நிலை நீடிக்காது. இங்கிலாந்து வாங்கிக்கொண்டே இருக்கிறது, விற்கவில்லை. அதனால் காசு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. போர்ச்சுகலில் காசு குவிகிறது, ஆர்டர் குவிகிறது, ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறுகிறது. இங்கிலாந்தில் தறி சும்மா நிற்கிறது, காசுப் புழக்கம் வறள்கிறது, கூலி இறங்குகிறது.

இங்கிலாந்துக் கூலி போர்ச்சுகல் கூலியில் 80 சதவீதத்துக்கு வந்த நாளில் நின்று விலைப் பலகையைப் பாருங்கள். போர்ச்சுகல் கூலியை ஒரு காசு என்றே வைத்துக்கொண்டால், அங்கே துணி 90, ஒயின் 80. இங்கிலாந்தில் துணி 100 பங்கு உழைப்பு, தலைக்கு 0.8 காசு, ஆக 80. ஒயின் 120 பங்கு உழைப்பு, ஆக 96. இப்போது துணி இங்கிலாந்தில் மலிவு, ஒயின் போர்ச்சுகலில் மலிவு. வாய்ப்புச் செலவு என்ற சொல்லையே கேள்விப்படாத வியாபாரி, மலிவான இடத்தில் வாங்குவது என்ற ஒரே புத்தியோடு, ரிக்கார்டோ சொன்ன இடத்துக்கே வந்து சேருகிறார்.

இந்த 80 சதவீதத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இங்கிலாந்துத் துணியும் விலைபோகாது. மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்கினால் ஒயினும் இங்கிலாந்திலேயே மலிவாகிவிடும், அப்போது காசு எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பிக்கும். கூலி விகிதம் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் தங்க முடியும். இந்த எல்லைகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். துணியில் 90-க்கு 100, ஒயினில் 80-க்கு 120. அதாவது இரண்டு பொருளிலும் இங்கிலாந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதே அதன் கூலிக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் ஆகிவிடுகிறது.

இன்றைக்குப் பொற்காசு ஓடுவதில்லை. அந்த வேலையில் பெரும்பகுதியை நாணய மாற்று விகிதம் செய்கிறது. உள்ளூர்க் கூலி ரூபாயில் குறையாமலே, டாலர் கணக்கில் குறைந்துவிடும். ஆனால் மாற்று விகிதம் சரக்கு வணிகத்தை மட்டும் பார்த்து நகர்வதில்லை. கடனாகவும் முதலீடாகவும் வரும் பணமும் அதை இழுக்கும். அதனால் ஒரு நாணயம் பல ஆண்டுகள் தவறான மட்டத்தில் நின்றுவிடலாம். நல்ல நெசவு தெரிந்த ஊரும் அந்த ஆண்டுகளில் விலைபோகாமல் தறியை மூடும். "நீண்ட காலத்தில் சரியாகிவிடும்" என்று புத்தகம் சொல்லும் இடம் இதுதான். தறியை மூடியவருக்கு நீண்ட காலம் என்பது நீண்ட காலம்தான்.

அப்போ ஏழை நாட்டோட ஒரே பலம் குறைஞ்ச கூலிதான்னு ஆயிடுச்சே? அது சுரண்டல் இல்லையா?

கூலி குறைவாக இருப்பது காரணம் இல்லை, விளைவு. இங்கிலாந்து இரண்டு பொருளிலும் மெதுவாக உழைத்தது, அதனால் அங்கே கூலி குறைவு. வியாபாரம் வந்ததால் அந்த இடைவெளி பிறக்கவில்லை.

அந்த இங்கிலாந்துத் தொழிலாளியையே கேட்டுப் பார்க்கலாம். பக்கத்து நாட்டுக்காரனைவிட இருபது சதவீதம் குறைவாகத்தான் வாங்குகிறார். ஆனால் முன்பு ஒரு பங்கு ஒயினுக்கு 120 பங்கு உழைப்புக் கொடுத்தவர், இப்போது 80 காசு விலைக்கு 0.8 காசுக் கூலியில் 100 பங்கு உழைப்புக் கொடுத்தால் போதும். துணிக்கு முன்பும் 100, இப்போதும் 100. அவர் நிலை பக்கத்து நாட்டை எட்டவில்லை, ஆனால் தன் பழைய நிலையைத் தாண்டிவிட்டது.

அதே சமயம், ஓர் ஆலையில் சங்கம் வைக்க விடாமல், கதவைப் பூட்டி, உழைப்புக்கு ஏற்ற கூலிகூடத் தராமல் வேலை வாங்கினால் அது சுரண்டல்தான். அதை ஒப்பீட்டு நன்மை என்று யாராவது பூசி மெழுகினால் நம்ப வேண்டாம். ரிக்கார்டோவின் கணக்கில் கூலி குறைவது உற்பத்தித்திறன் குறைவால் மட்டும்தான், பூட்டால் அல்ல.

வெள்ளைக்காரன் இதைச் சொல்லித்தானே சார் நம்ம நெசவை அழிச்சான்?

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயரையே பிரித்துப் பாருங்கள், சின்னத் தறிப் பேட்டை. 1734-இல் ஆளுநர் பிட் காலத்தில் நெசவாளர்களைக் கூட்டி வந்து குடியேற்ற உருவான இடம். சென்னையில் கம்பெனிக்காரன் கோட்டை கட்டியதற்கே முக்கியக் காரணம் இந்தக் கரையில் கிடைத்த துணிதான்.

அந்தத் துணி லண்டனில் போட்ட போடு தாங்காமல் இங்கிலாந்து என்ன செய்தது? 1700-இல் சட்டம் போட்டு இந்தியாவிலிருந்து வரும் அச்சிட்ட பருத்தித் துணிகளைத் தடுத்தது. 1721-இல் இன்னொரு சட்டம் போட்டு, அப்படிப்பட்ட துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்துவதையே குற்றமாக்கியது. ரிக்கார்டோ நூல் எழுதுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பு இது. ஒப்பீட்டு நன்மைக்கு நேர் எதிரான கொள்கை.

பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திர நூலும் ஆலைத் துணியும் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்தபோது கதை புரண்டது. அப்போது இயந்திரத்தின் பலம் உண்மையானதுதான். ஆனால் எதற்கு எவ்வளவு வரி என்று முடிவு செய்யும் பேனா இந்தியாவின் கையில் இல்லை. பெரியம்மாவும் சித்தியும் மாற்று விலை பேசும்போது, பிடிக்காவிட்டால் எழுந்து போகும் உரிமை இருவருக்கும் இருந்தது. கோட்பாடு அந்த உரிமையைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. அது இல்லாத இடத்தில் இரண்டு பக்கமும் லாபம் என்ற வாக்குறுதியும் இல்லை.

நாட்டுக்கு லாபம்னா நாட்டுல எல்லாருக்கும் லாபம்தானே?

இல்லை. போர்ச்சுகலில் துணி நெய்துகொண்டிருந்தவர் இப்போது கொடி முந்திரித் தோட்டத்துக்குப் போக வேண்டும். ரிக்கார்டோவின் கணக்கில் உழைப்பு என்று ஒரே ஒரு பொருள்தான் உண்டு, அது காலையில் தறியை விட்டிறங்கி மாலையில் தோட்டத்தில் நிற்கும். நிஜத்தில் முப்பது வருடம் பாவு ஓட்டியவர் கொடி கட்டப் போவாரா? அவர் வீடு இருக்கும் ஊரில் தோட்டம் இருக்குமா? தறிக்கு வாங்கிய கடன் எங்கே போகும்?

வணிகத்தில் வரும் லாபம் எல்லோர் வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக, விலை குறைந்த வடிவில் பரவுகிறது. நஷ்டமோ சில தெருக்களில் மொத்தமாக விழுகிறது. வாங்குகிறவருக்குச் சட்டைக்கு நூறு ரூபாய் மிச்சம், நெய்தவருக்குப் பிழைப்பே போச்சு. மொத்த லாபம் மொத்த நஷ்டத்தைவிடப் பெரிது என்பதால், பெற்றவர்களிடமிருந்து எடுத்து இழந்தவர்களுக்கு ஈடு செய்ய முடியும். முடியும் என்பதுதான் கணக்கு. செய்வது அரசின் வேலை, பெரும்பாலும் அது நடப்பதில்லை.

ஒரே பொருளை மட்டும் செய்துகிட்டு மத்ததுக்கு வெளியே கையேந்தினா ஆபத்து இல்லையா?

உண்டு. ரேஷன் கடை பாமாயிலைப் பாருங்கள். எண்ணெய்ப் பனைக்கு இந்தோனேசியா, மலேசியா மழையும் வெயிலும் பொருந்தி வருவதால், அங்கிருந்து வாங்குவது நமக்கு மலிவு. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா தன் நாட்டில் விலை ஏறுகிறது என்று பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. மூன்று வாரத்துக்கு மேல் அந்தத் தடை இருந்தது. நாமும் அப்படித்தான். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது, நம் அரிசியை நம்பியிருந்த நாடுகள் தவித்தன.

இதற்காக எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றால், வீட்டில் மழை பொய்க்கும் ஆண்டில் அதைவிட மோசமாகும். பல நாடுகளில் வாங்குவதும், கையிருப்பு வைப்பதும், உயிர்ப்பொருளில் கொஞ்சம் உள்நாட்டு உற்பத்தியைக் கூடுதல் செலவானாலும் காப்பதும்தான் வழி. அந்தக் கூடுதல் செலவை காப்பீட்டுத் தவணை மாதிரி நினைத்துக்கொள்ளலாம்.

சித்தி கடைசிவரைக்கும் அதிரசம்தான் சுடணுமா?

வேண்டாம். ஒப்பீட்டு நன்மை இன்றைய நிலையின் புகைப்படம், ஜாதகம் இல்லை. தென்கொரியா ஒரு காலத்தில் துணியும் ஒப்பனை முடியும் ஏற்றுமதி செய்த நாடு. இன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கார் செய்வது ஒரு கொரிய நிறுவனம். படிப்பு, முதலீடு, பழக்கம் எல்லாம் சேர்ந்து விகிதத்தை மாற்றிவிடும்.

ஆனால் "வளரும் வரை வெளிச்சரக்குக்கு வரி போட்டுக் காப்போம்" என்ற வாதத்தை எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். காப்பாற்றப்பட்ட பிள்ளை வளர்கிறதா என்று பார்க்க ஓர் அளவுகோலும், கையை விட ஒரு தேதியும் இருந்தால் சரி. இரண்டும் இல்லாத இடத்தில் நாற்பது வயதுக் குழந்தைகள்தான் உருவாகும்.

இதை யாராவது நிஜத்துல சோதிச்சுப் பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். சோதிக்க வேண்டுமென்றால், வணிகமே இல்லாமல் இருந்து திடீரென்று கதவைத் திறந்த நாடு வேண்டும். ஜப்பான் அப்படி ஒரு நாடு. இரு நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய அடைத்தே இருந்துவிட்டு, 1859-இல் துறைமுகங்களைத் திறந்தது. பெர்ன்ஹோஃபன், பிரவுன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் திறப்பதற்கு முந்தைய விலைகளையும் பிந்தைய வணிகத்தையும் ஒப்பிட்டார்கள். கோட்பாடு எதிர்பார்த்தபடி, முன்பு உள்ளூரில் மலிவாக இருந்த பட்டு போன்றவை வெளியே போயின, உள்ளே விலை அதிகமாக இருந்தவை வந்தன.

எவ்வளவு லாபம் என்பதையும் அவர்கள் கணக்கிட்டார்கள். மிஞ்சிப் போனால் நாட்டு வருமானத்தில் 8 அல்லது 9 சதவீதம். இந்த எண்ணை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். சின்ன விஷயம் இல்லை, ஆனால் ஒரு நாட்டை ஒரே தாவலில் பணக்கார நாடாக்குவதும் இல்லை. ஜப்பான் பிறகு கண்ட வளர்ச்சியின் பெரும்பகுதிக்கு வேறு காரணங்கள் உண்டு.

ரெண்டு நாட்டுக்கும் விகிதம் ஒண்ணாவே இருந்தா?

வியாபாரத்தில் லாபம் இல்லை. பெரியம்மாவுக்கு 1 மணி, 2 மணி, சித்திக்கு 3 மணி, 6 மணி என்றால், இருவருமே ஒரு கிலோ அதிரசத்துக்கு 2 கிலோ முறுக்கை விடுகிறார்கள். மாற்றிக்கொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. விகிதத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றாலும் கப்பல் கூலி அதை விழுங்கிவிடும்.

பரீட்சையில அட்டவணை கொடுத்தா எப்பவும் தலைகீழா எழுதிடறேன். எங்கே தப்பு பண்றேன்?

பெரும்பாலும் ஒரே இடத்தில். அட்டவணையில் இருப்பது "ஒரு பங்குக்கு எத்தனை மணி" என்பதா, "ஒரு நாளைக்கு எத்தனை பங்கு" என்பதா என்று பார்க்காமல் வகுத்துவிடுகிறீர்கள். முதலாவதில் சின்ன எண் நல்லது, இரண்டாவதில் பெரிய எண் நல்லது.

ஒரு நாளில் அ நாடு 6 மூட்டை நெல் அல்லது 3 கட்டுத் துணி செய்யும், ஆ நாடு 2 மூட்டை நெல் அல்லது 2 கட்டுத் துணி செய்யும் என்று வந்தால், இவை விளைச்சல் எண்கள். அ நாட்டில் ஒரு கட்டுத் துணிக்கு 2 மூட்டை நெல் போகும், ஆ நாட்டில் ஒரு மூட்டைதான். எனவே துணி ஆ நாட்டுக்கு. இதே எண்களை மணி நேரம் என்று நினைத்து வகுத்தவருக்கு, அ நாட்டில் துணிக்கு அரை மூட்டை என்று வந்து, விடை அப்படியே புரண்டுவிடும்.

சந்தேகமாக இருந்தால் விடையை ஓட்டிப் பாருங்கள். அ நாடு ஒரு நாளைத் துணியிலிருந்து நெல்லுக்கு மாற்றட்டும். 3 கட்டுப் போகும், 6 மூட்டை வரும். போன 3 கட்டை ஈடுகட்ட ஆ நாடு ஒன்றரை நாளை நெல்லிலிருந்து துணிக்கு மாற்றட்டும். 3 மூட்டை போகும், 3 கட்டு வரும். துணி அப்படியே இருக்க, 3 மூட்டை நெல் கூடியிருக்கிறது. திசையை மாற்றி ஓட்டினால் அதே 3 மூட்டை குறையும். குறைந்தால் மேலே எழுதிய விடையை அடித்துவிட்டுத் திருப்பி எழுதுங்கள், நேரம் இரண்டு நிமிடம்கூட ஆகாது.